தலைக்கு இவ்வளவா, பேட்ச்சுக்கு இவ்வளவா? நிறுவனத்துக்கு எழுதும் பயிற்சிக் கடிதத்தின் மூன்று வடிவங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசிங் பிரிவில் 24 பேர். ஆர்டர் நிலவரம், துணி வரவு, டெலிவரி தேதி எல்லாமே எக்செல் ஷீட்டில்தான் ஓடுகிறது. கோயம்புத்தூரில் மூன்று பேராக நடத்தும் ஒரு சிறு பயிற்சி நிறுவனம் இவர்களுக்கு எக்செல் பயிற்சி தர விரும்பிக் கடிதம் எழுதப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 பேராக இரண்டு பேட்ச், பேட்ச்சுக்கு இரண்டு நாள், ஆக நான்கு பயிற்சி நாள். எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதே வேலைக்கு, இதே தொகைக்கு மூன்று விதமாகக் கடிதம் எழுத முடியும். பலரும் முதல் விதத்தையே எழுதுகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் அனுப்பச் சொல்வேன். மூன்றாவது கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியானது, ஆபத்தும் அதில்தான் அதிகம்.

முதல் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

"எங்கள் இரண்டு நாள் பயிற்சியில் எக்செல் அடிப்படை, ஃபார்முலாக்கள், பிவட் டேபிள், சார்ட் ஆகியவை கற்றுத்தரப்படும். பணியாளர்களின் திறனும் தன்னம்பிக்கையும் உயரும். கட்டணம்: நபருக்கு ரூ. 2,500."

இரண்டாவது கடிதம்:

"பயிற்சி முடிவில், இரண்டு நாளும் முழுமையாகக் கலந்துகொண்டவர்கள், தங்கள் சொந்த ஆர்டர் ஷீட்டிலிருந்து ஸ்டைல் வாரியாக நிலுவை அறிக்கையை 45 நிமிடத்துக்குள் பிழையின்றி எடுப்பார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் இதே வகைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் உங்களிடம் ஒப்படைப்போம். கட்டணம்: பேட்ச் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 15,000. ஒரு பேட்ச்சில் 12 பேர் வரை."

மூன்றாவது:

"பயிற்சியின் பயனாக உங்கள் ஷிப்மென்ட் தாமதம் குறையும். ரூ. 42,000 நிலைக் கட்டணம். மீதி ரூ. 18,000 தாமதம் குறைந்த பிறகு தந்தால் போதும்."

கட்டணத்திலிருந்து தொடங்கலாம். தலைக்கு 2,500 என்றால் 24 பேருக்கு 60,000. தாளில் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் மெர்ச்சண்டைசர்களின் வேலை நமக்குத் தெரிந்ததுதான். பயிற்சி நாளன்று பையர் வந்து இறங்குவார், ஒரு கன்டெய்னர் புறப்பட வேண்டியிருக்கும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் போக வேண்டும். 24 பேரில் 15 பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள் என்று வையுங்கள். வரவு 37,500.

செலவு குறையவே இல்லை. பயிற்றுநருக்கு நாளுக்கு 6,000 வீதம் நான்கு நாளுக்கு 24,000. நிறுவனத்தின் ஷீட்டுகளை வாங்கிப் பயிற்சிக் கணக்குகள் தயாரிக்க 8,000. முன்தேர்வு, பின்தேர்வு, ஒரு மாதம் கழித்து ஒரு முறை போய்ப் பார்ப்பது 5,000. போக்குவரத்து, பிரிண்ட் அவுட் 3,000. மொத்தம் 40,000. ஆக 2,500 ரூபாய் கைநட்டம். முதல் கடிதக்காரர்கள் தேர்வையும் திரும்பிப் போய்ப் பார்ப்பதையும் விட்டுவிட்டு அந்த நட்டத்தைச் சமாளிப்பார்கள். பயிற்சி மெலிந்துபோவது இந்த இடத்தில்தான்.

பேட்ச் கட்டணத்தில் எட்டு பேர் வந்தாலும் 12 பேர் வந்தாலும் தொகை அதேதான். அதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. நாற்காலி காலியாக இருந்தால் நட்டம் நிறுவனத்துக்கு என்பதால், ஆளை அனுப்பி வைக்கும் அக்கறை மேலாளருக்கு வந்துவிடுகிறது. தலைக் கட்டணத்தில் அவருக்கு நேர் எதிரான அக்கறை: ஆள் குறைந்தால் பில்லும் குறையும். பல நிறுவனங்களிலிருந்து ஆளாளுக்குப் பதிவு செய்துகொண்டு வரும் பொதுப் பயிற்சிக்குத் தலைக் கட்டணம்தான் பொருத்தம். ஒரே நிறுவனத்துக்குள் போய் நடத்துவதற்கு அது ஒத்துவராது.

இனி பலன். பயிற்சியின் பயனை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-60-இல் எழுதிய கட்டுரைகளில் நான்கு நிலைகளைச் சொன்னார். கலந்துகொண்டவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, நிறுவனத்துக்கு அதனால் என்ன விளைந்தது. இன்றும் மனிதவளத் துறையினர் இந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மூன்று கடிதங்களையும் இதன் மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். "தன்னம்பிக்கை உயரும்" என்பது முதல் நிலையைத் தாண்டாது. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. மூன்றாவது கடிதம் ஒரே தாவலில் நான்காம் நிலைக்குப் போய்விடுகிறது. இரண்டாவது கடிதம் இரண்டாம் நிலையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதன் மூலம் மூன்றாம் நிலையையும் தொடுகிறது.

மூன்றாவது கடிதத்தில் என்ன தவறு? பின்னலாடைத் தொழிலில் ஷிப்மென்ட் எதனால் தள்ளிப்போகிறது என்று பாருங்கள். நூல் வரத் தாமதம், சாயப்பட்டறையில் இடம் கிடைக்காதது, சாய நிற மாதிரியான லேப் டிப்புக்குப் பையர் ஒப்புதல் தராமல் இழுப்பது, ஷேடு மாறித் துணி திரும்பி வருவது. இதில் எதையும் எக்செல் பயிற்றுநர் சரிசெய்ய முடியாது. எல்லோரும் அருமையாகக் கற்றுக்கொண்ட மாதத்திலேயே தாமதம் கூடவும் செய்யலாம். அப்போது 18,000 ரூபாயும் போகும், "பயிற்சி பலிக்கவில்லை" என்ற பெயரும் வரும். தாமதத்தைக் கணக்கிடுவதும் அவர்கள் ஆபீஸ்தான் என்பதால் நம் பக்கம் நின்று பேச ஓர் ஆதாரமும் இருக்காது. இதற்குள் செலவு போக 2,000 ரூபாய்தான் நம் கையில் நின்றிருக்கும்.

கட்டணத்தின் ஒரு பகுதியைப் பலனோடு கட்டியே தீர வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், பின்தேர்வோடு மட்டும் கட்டுங்கள். அதுவும் இரண்டு நாளும் முழுமையாக உட்கார்ந்தவர்களின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பழகிய வாடிக்கையாளருக்கு அது சரிப்படும். முதல் முறை போகும் இடத்தில் நான் அதையும் தவிர்ப்பேன்.

இரண்டாவது கடிதத்தில் "45 நிமிடத்துக்குள் பிழையின்றி" என்று எப்படித் துணிந்து எழுதுவது? கடிதம் எழுதும் முன்பே அவர்களுடைய ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். பையர் பெயரையும் விலையையும் நீக்கிவிட்டுத் தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். இருநூறு வரி கொண்ட ஷீட்டைத் திறந்ததும் முதலில் தேதி நெடுவரிசையைப் பாருங்கள். 15.03.2025 என்று புள்ளி வைத்து அடித்திருந்தால், நம் ஊர்க் கணினிகளின் வழக்கமான அமைப்பில் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உண்மையான தேதி, யாரும் மாற்றி வைக்காதவரை, வலது ஓரத்தில் நிற்கும். இப்படி இடது பக்கம் நிற்கும் நெடுவரிசையை ஏறுவரிசைப்படுத்தினால் 02.11.2025 மேலே வரும், 15.03.2025 கீழே போகும். நவம்பரில் போக வேண்டிய ஆர்டர் மார்ச் ஆர்டருக்கு முன்னால் நிற்கும். அடுத்தது, எழுத்தும் இலக்கமும் கலந்த ஸ்டைல் எண். முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் இருந்தால் VLOOKUP அதைக் கண்டுபிடிக்காமல் #N/A என்று நிற்கும். கீழே உள்ளது போல எழுதினால் தேடும் எண்ணில் உள்ள ஸ்பேஸ் நீங்கிவிடும். பட்டியல் பக்கம் ஸ்பேஸ் இருந்தால் அங்கேயும் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்.

```
=VLOOKUP(TRIM(A2),Orders!A:F,6,FALSE)
```

இந்தக் கோளாறுகளைக் கடிதத்திலேயே ஓரிரு வரியில் குறிப்பிடுங்கள். தேதிக்கு இப்படி: "நீங்கள் அனுப்பிய ஷீட்டில் டெலிவரி தேதிகள் எழுத்தாகப் பதிவாகியுள்ளன. அதனால் தேதி வரிசை தவறாக வருகிறது. இதைச் சரிசெய்வதிலிருந்து பயிற்சி தொடங்கும்." பாடத்திட்டப் பட்டியல் ஒரு பக்கம் நீண்டாலும் இந்த மூன்று வாக்கியம் செய்யும் வேலையைச் செய்யாது. படிக்கும் மேலாளர் உடனே தன் கணினியைத் திறந்து பார்ப்பார்.

முதலாளி "எனக்கு என்ன லாபம்?" என்று கேட்பது நியாயம்தான். அதற்கு மூன்றாவது கடிதத்துக்கு ஓட வேண்டியதில்லை. திங்கட்கிழமை நிலவர அறிக்கைக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பயிற்சிக்கு முந்தைய இரண்டு வாரமும், பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து இரண்டு வாரமும் அவர்களையே குறித்துவைக்கச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் 24 பேருக்கு வாரம் 24 மணி நேரம். அதற்கு என்ன விலை என்பதை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். கடிதத்தில் நாம் அந்தத் தொகையை எழுத வேண்டாம்.

மூன்று கடிதத்திலும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: வரி. பயிற்சி நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் இந்தச் சேவைக்கு 18 சதவீதம். "ரூ. 60,000 மற்றும் ஜிஎஸ்டி" என்று எழுதினால் பில் 70,800 ஆகும். "வரி உட்பட ரூ. 60,000" என்று எழுதிவிட்டால் நமக்கு நிற்பது 50,847 மட்டுமே. ஒரே ஒரு சொல்லில் ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. சேவையின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவே பெறாதவர்கள் வரி வசூலிக்கக் கூடாது. அவர்கள் "ஜிஎஸ்டி பொருந்தாது" என்று எழுதிவிட வேண்டும். தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் நிறுவனம் 60,000-இல் 10 சதவீதம், அதாவது 6,000 ரூபாயை டிடிஎஸ்ஸாகப் பிடித்துக்கொள்ளும். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப ஈடாகும் பணம். ஆனால் பயிற்றுநருக்கு உடனே கொடுக்க அது கையில் இருக்காது என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கடிதத்தை அனுப்பும்போது அதன் கடைசிப் பத்தியை நான் இப்படி முடிப்பேன்: "தேதி உறுதியானதும் 50 சதவீதம் முன்பணம். மீதி, பில் தந்த 30 நாளுக்குள். பயிற்சிக்கு மூன்று வேலை நாளுக்கு முன் தெரிவித்தால் தேதியைக் கட்டணமின்றி மாற்றித் தருவோம். அதற்குப் பிறகு மாற்றினால் ஒரு நாள் கட்டணம் சேரும். எங்கள் உத்யம் பதிவு எண் கீழே உள்ளது." சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் அந்தப் பதிவு எண்ணுக்கு மதிப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். அதைத் தாண்டி நிலுவை வைத்தால், பணம் கொடுக்கும் வரை சேவையைப் பெற்ற நிறுவனம் அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது நன்றாகவே தெரியும். மார்ச் மாதத்தில் அந்த எண் உள்ள பில்லைத் தனியே எடுத்து வைப்பார்கள்.