மத்தியா, ஆனைத்திருக்கையா: வலைக்குத் தாங்குவது எது?

இரண்டும் ஒரே கடலில்தான் வாழ்கின்றன. பிழைக்கும் கணக்கு வேறு.

குஞ்சு: மத்தி ஓராண்டில் முதிர்ந்து பல்லாயிரம் முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். ஆனைத்திருக்கை ஓராண்டு சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்ததற்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பிழைப்பு வளைகோடு: 1000 உயிர்களில் தொடங்கி, வயது கூடக்கூட எத்தனை மிஞ்சுகின்றன என்று வரையுங்கள். மத்தியின் கோடு முதல் சில வாரங்களிலேயே செங்குத்தாக விழுந்து, பிறகு தரையோடு ஓடும். திருக்கைக்குட்டி ஒன்றரை மீட்டர் அகலத்தோடு பிறப்பதால் அதை விழுங்கக்கூடியவை குறைவு. கோடு நெடுநாள் மேலேயே நிற்கும். கவனம்: மிஞ்சியவற்றை மடக்கை அளவில் குறிக்காவிட்டால், மத்திக்கோட்டின் வால் கண்ணுக்கே தெரியாது.

அடிபட்டால் மீள்வது: கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. கடல் சாதகமானதும் 2023-இல் லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது. திருக்கையால் இப்படி மீள முடியாது. செவுள் தட்டுக்காகத் தாயைப் பிடித்தால், அதன் பல பத்தாண்டுக் குட்டிகளும் போயின.

ஆகவே மத்திக்குக் குறைந்தபட்ச அளவும் முட்டையிடும் பருவத்தில் ஓய்வும் கொடுத்துப் பிடிக்கலாம். ஆனைத்திருக்கை வலையில் சிக்கினால், உயிரோடிருக்கும்போதே வலையை அறுத்து விடுவதே சரி.