சீட் நம்பர் மாறவில்லை, சீட்டே மாறிவிட்டது: காசு கொடுத்து இருக்கை வாங்குகிறவர்களுக்கு

விமானத்தில் கூடுதல் பணம் கட்டி இருக்கையைத் தேர்வு செய்பவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிளம்பும் முன் விமானத்தை மாற்றினால் உங்கள் சீட் நம்பரும் மாறும், அப்போதாவது தகவல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம்பர் அப்படியே இருக்க, நாம் வாங்கிய இடம் மட்டும் காணாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எங்களுக்கு நடந்தது அதுதான்.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. காலை மடக்கி வெகுநேரம் உட்கார முடியாது. சென்னையிலிருந்து வளைகுடா நாடு ஒன்றின் வழியாக லண்டன் பயணம். இரண்டாவது விமானம் ஏழு மணி நேரம் என்பதால், அதில் எகானமி வகுப்பின் முதல் வரிசையில், எதிரே தடுப்புச் சுவர் மட்டும் இருக்கும் 20H, 20K இரண்டையும் கூடுதல் கால் இடம் உள்ள இருக்கைகள் என்று தனிக் கட்டணம் கட்டி வாங்கினேன். அது ஏர்பஸ் ஏ330. அந்த விமானத்தில் ஒரு வரிசைக்கு 2-4-2 என்று எட்டு இருக்கைகள். ஓரத்தில் H, K என இரண்டே இருக்கை. நடுவில் வேறு யாரும் வரமாட்டார்கள், அம்மா எழுந்து நடக்கவும் வசதி. அதற்காகவே அந்த விமானம் போகும் நேரமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன்.

வாசலில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. உள்ளே போனால் நிற்பது போயிங் 787. அதன் எகானமியில் வரிசைக்கு 3-3-3 என்று ஒன்பது இருக்கைகள். H, K இரண்டும் இருக்கின்றன, நடுவே J என்று ஒன்று முளைத்திருக்கிறது, அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதைவிடக் கொடுமை, இந்த விமானத்தில் எகானமி 17-ஆம் வரிசையிலேயே தொடங்குகிறது. ஆகவே 20 என்பது முதல் வரிசை இல்லை. முன் இருக்கை அம்மாவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் இருந்தவர் நல்ல மனிதர், கேட்டதும் ஜன்னலோரம் நகர்ந்து J-யை எனக்குக் கொடுத்தார். ஆனால் கால் இடத்தை யார் கொடுப்பது? முதல் வரிசை கைக்குழந்தைக் குடும்பங்களுக்குப் போய்விட்டது. அவர்களை எழுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணிப்பெண், "கடைசி நேரத்தில விமானம் மாறிடுச்சு சார், ஃபுல்லா இருக்கு" என்றார். அவர் மேல் கோபமில்லை. அம்மா பாதி நேரம் பின்பக்கம் கழிவறை அருகே நின்றுகொண்டே வந்தார்.

ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்பதை அப்புறம்தான் விசாரித்துப் புரிந்துகொண்டேன். விமானத்தில் கோளாறு, முந்தைய பயணம் தாமதம், பயணிகள் குறைவு என்று ஏதோ ஒரு காரணத்தால் விமானம் மாறும்போது, பயணிகளைப் புதிய இருக்கை வரைபடத்தில் உட்காரவைப்பது பெரும்பாலும் கணினிதான். பழைய எண் புதிய விமானத்திலும் இருந்தால் பல நேரங்களில் அதையே விட்டுவிடுகிறது. எண் மாறினால்தான் மின்னஞ்சல் வரும், வாசலில் ஸ்கேனர் கத்தும், புது போர்டிங் பாஸ் அச்சாகும். எண் மாறாதவரை அந்தக் கணினிக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. சக்கர நாற்காலிக் கோரிக்கை முன்பதிவோடு ஒட்டிக்கொண்டு வரும், எங்களுக்கும் வந்தது. ஆனால் முழங்காலுக்காக வாங்கிய இடம் அப்படி வராது.

ஊர் சேர்ந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வந்த பதிலைப் படித்தபோதுதான் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன். "நீங்கள் வாங்கிய 20H, 20K ஆகிய இருக்கைகளே வழங்கப்பட்டுள்ளன, எனவே பணம் திரும்பத் தர இயலாது." எண்ணை மட்டும் விற்றதுபோல ஒரு பதில்!

இதற்கு மறுப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? கட்டண ரசீதில். இருக்கைக்குக் கட்டும் பணத்துக்கு டிக்கெட்டிலிருந்து தனியாக இ.எம்.டி. என்ற மின்னணு ஆவணம் ஒன்று போடுவார்கள், அதற்கென 13 இலக்க எண் இருக்கும். எங்கள் ஆவணத்தில் சேவையின் பெயர் 'கூடுதல் கால் இடம் உள்ள இருக்கை' என்று இருந்தது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு, வாங்கும்போது எடுத்து வைத்திருந்த ஏ330 இருக்கை வரைபடத்தையும் உள்ளே எடுத்த புகைப்படத்தையும் சேர்த்து மறுபடி எழுதினேன். இரண்டு இருக்கைகளுக்கும் பணம் வந்தது. அதைத் தவிர ஒரு பைசா வரவில்லை. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் பயண நிபந்தனைகளிலும் விமானத்தையும் இருக்கையையும் மாற்றும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வகுப்புக்குள் நடக்கும் இடமாற்றத்துக்கு இழப்பீடு இவ்வளவு என்று சொல்லும் விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

வகுப்பே இறங்கினால் கதை வேறு. புதிய விமானத்தில் பிசினஸ் இருக்கைகள் குறைவாக இருந்தால் சிலரை எகானமிக்கு இறக்குவார்கள். இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அமைப்பின் விதிப்படி, 2023 பிப்ரவரி 15 முதல், உள்நாட்டுப் பயணத்தில் இப்படி இறக்கப்பட்டவருக்கு வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கி.மீ. வரை 30, 3,500 கி.மீ. வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம். ஆனால் ஏலம் கேட்டோ பாயின்ட் கொடுத்தோ அப்கிரேட் வாங்கியவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தத் தொகையையோ பாயின்டையோ மட்டும் திருப்பிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். இடம் குறையும்போது முதலில் இறக்கப்படுவதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இனி பயணம் போகிறவர்கள் சீட் நம்பரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள். இருக்கை வாங்கிய அன்றே வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு சில நாள் முன்பு, செக்-இன் திறக்கும் முன்பு, விமான நிலையம் கிளம்பும் முன்பு என்று அதே முன்பதிவைத் திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் வரிசைக்கு முன்னால் புதிதாக வரிசை தெரிந்தாலோ, இருவருக்கும் நடுவே புதிய எழுத்து வந்தாலோ விமானம் மாறிவிட்டது என்று அர்த்தம். முன்பதிவில் விமானத்தின் குறியீடும் இருக்கும்: எங்கள் விஷயத்தில் 333 என்பது 789 ஆகியிருந்தது. விமானங்கள் பறப்பதை நேரலையில் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்திலும் எந்த விமானம் வருகிறது என்று தெரியும், ஆனால் அது கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் நம்பகமானது.

செக்-இன் திறக்கும் முன்பே கண்டுபிடித்தால் நிறுவனத்துக்குப் போன் செய்து, 'நான் வாங்கியது முதல் வரிசை, புதிய விமானத்தின் முதல் வரிசையில் கொடுங்கள்' என்று கேளுங்கள். அப்போது காலி இடம் இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு என்றால் விமான நிலைய கவுன்டரில்தான் கேட்க வேண்டும். அவசரத்தில் நீங்களே ஆன்லைனில் வேறு சாதாரண இருக்கைக்கு மாறிவிடாதீர்கள், 'பயணியே மாற்றிக்கொண்டார்' என்று பிறகு பணத்தை மறுக்க அது வழி செய்யும். மாற்று இடம் இல்லை என்று சொன்னால், அதை மின்னஞ்சலிலோ போர்டிங் பாஸின் மேலோ எழுதி வாங்கப் பாருங்கள். மறுத்தால் நேரத்தையும் கவுன்டர் எண்ணையும் குறித்துக்கொண்டு உள்ளே படம் எடுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் அங்கே புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் இ.எம்.டி. எண்ணோடு புகாரைப் பதியுங்கள்.