டிக்கெட் இல்லை, பணமும் உடனே திரும்பவில்லை: ஆம்னி பேருந்து முன்பதிவு குறித்து ஓர் எச்சரிக்கை

பண்டிகைக்கு ஊர் செல்வதற்காக இணையத்தில் ஆம்னி பேருந்து டிக்கெட் எடுப்பவர்கள், பணம் செலுத்தும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கைக்கு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. தீபாவளிக்காகக் கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று படுக்கைகளை எடுக்க முயன்றோம். வங்கிக் கணக்கிலிருந்து ரூ. 5,550 போன பிறகும் டிக்கெட் வரவில்லை. அந்தப் பணத்தையும் எங்களைக் கேட்காமலேயே அந்தத் தளம் தன்னுடைய வாலட்டில் வரவு வைத்துவிட்டது.

ஒரே பேருந்தின் இருக்கைகள் பல தளங்களிலும், பேருந்து நிறுவனத்தின் அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு இருக்கும். ஆகவே, நாம் பயணியரின் பெயர், வயதை நிரப்பிவிட்டுப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும்போது, தளம் பேருந்து நிறுவனத்தின் பொதுவான இருக்கைப் பட்டியலில் அந்த இடங்களை பிளாக் செய்கிறது. பிளாக் என்பது விற்பனை அல்ல. குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது மட்டுமே. பணம் வந்தது உறுதியானதும் தளம் இரண்டாவதாக ஒரு கோரிக்கையை அனுப்பி, பிளாக்கை டிக்கெட்டாக மாற்ற வேண்டும். அந்தக் கோரிக்கை கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் பிளாக் தானாகவே விலகிவிடும். வாங்குபவர் அந்த நொடியில் பின் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கிறாரா என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

எங்களுக்கு நடந்ததை நேரக் கணக்கோடு சொல்கிறேன். மாலை 7.02-க்கு பிளாக் விழுந்தது. திரையில் எட்டு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பயணக் காப்பீடு வேண்டுமா, தள்ளுபடிக் கூப்பன் இருக்கிறதா என்று அடுத்தடுத்து வந்த பக்கங்களைக் கடந்து யுபிஐ செயலிக்குப் போனபோது மணி 7.07. கடிகாரத்தில் மூன்று நிமிடங்கள் மீதம் இருந்தன. பின் எண்ணைக் கொடுத்த பிறகு செயலி நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி 7.11-க்கு வந்தது. உடனே உலாவிக்குத் திரும்பினோம். அங்கே இன்னும் இரண்டே முக்கால் நிமிடங்கள் மீதம் இருப்பதாகக் காட்டியது. "இன்னும் டைம் இருக்கே, பயப்படாதீங்க" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் `Session Expired` என்ற அறிவிப்பு வந்துவிட்டது. இருக்கைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், நாங்கள் எடுத்த அதே மூன்று படுக்கைகளும் ரூ. 1,850-க்குப் பதிலாக ரூ. 2,400 என்ற விலையில் காலியாக இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக விற்றுப்போயின.

மணி 7.11 ஆன பிறகும் மீதம் காட்டிய அந்தக் கடிகாரத்தைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான கெடு சர்வரில் ஓடுகிறது. திரையில் தெரிவது நம் கைப்பேசியிலேயே எண்ணப்படும் நகல். நாம் யுபிஐ செயலிக்கு மாறியதும், பின்னணிக்குப் போன உலாவிப் பக்கத்தின் இயக்கத்தைக் கைப்பேசி பெரும்பாலும் நிறுத்தி வைத்துவிடும். ஒவ்வொரு நொடிக்கும் ஒன்றைக் கழிக்கும்படி மட்டும் எழுதப்பட்ட கடிகாரம் அந்த நேரத்தில் நின்றுபோய், நாம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கெடு முடியும் நேரத்தை சர்வரிடமிருந்து பெற்று, அதிலிருந்து மீதத்தைக் கணக்கிடும்படி எழுதியிருந்தால் இந்தக் கோளாறு வராது. இது முழுக்க முழுக்கத் தளத்தின் குறை. பொத்தானை அழுத்திய நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஓடும் எண்களை நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிளாக்குக்கு ஒரு கெடு இருப்பதுபோலப் பணப் பரிவர்த்தனைக்கும் தனியே ஒரு கெடு உண்டு. தளத்துக்காகப் பணத்தை வாங்கித் தரும் இணையச் சேவையான பேமென்ட் கேட்வேயில் அதைத் தளமே குறிப்பிட முடியும். பிளாக் முடிவதற்கு முன்பே பணம் வாங்குவதை நிறுத்தும்படி அதை அமைத்திருந்தால், தாமதமாக வரும் பணம் பெரும்பாலும் உள்ளேயே வந்திருக்காது. இந்தத் தளத்தில் இருக்கை 7.10-க்குக் கைவிட்டுப்போன பிறகும் பணம் வாங்கும் வாசல் திறந்தே இருந்தது. தாமதமாகப் பணம் வந்து சேர்ந்தால், அதே இடங்கள் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பழைய விலைக்கே உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் விஷயத்தில் இரண்டுமே நடக்கவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "உங்க பேமென்ட் ஃபெயில் ஆயிருக்கு சார், பேங்க்ல கேளுங்க" என்றார். வங்கியிலோ பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்கள். இந்த இடத்தில்தான் பலர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கில் பணம் கழிந்து, விற்பவருக்கு உறுதிச்செய்தி போகாத பரிவர்த்தனை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடும் உண்டு. ஆனால் பணம் விற்பவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் அது வெற்றிகரமான பரிவர்த்தனை. அந்தச் சுற்றறிக்கை அதற்குப் பொருந்தாது, பணத்தைத் திருப்ப வேண்டியவர் விற்பவரே. எது நடந்தது என்பதை யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தால் தெரியும்: நிலுவை என்றிருக்கிறதா, வெற்றி என்றிருக்கிறதா என்று பார்த்து, கீழே உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுடையது வெற்றி என்றே காட்டியது.

அந்த எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான், பணம் தங்களிடம் இருப்பதையும் அதை வாலட்டில் வைத்திருப்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். இதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. விற்பவர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள், வாடிக்கையாளர் வேறு வழிக்குக் குறிப்பாக ஒப்புக்கொண்டாலன்றி, பணம் செலுத்திய வழியிலேயே அது திரும்ப வேண்டும் என்கின்றன. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்து, திருப்பி அனுப்பிய பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணையும் கேட்டோம். வாலட்டிலிருந்து ஒரு ரூபாயைக்கூடப் பயன்படுத்திவிடாதீர்கள். பயன்படுத்தினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதிட இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் போய் டிக்கெட் வராத நிலையில் பதற்றத்தில் மறுபடியும் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் பரிவர்த்தனையின் முடிவு தெரிவதற்குள் இரண்டாவதும் போய்விட்டால் இரண்டு தொகைகளுக்குப் போராட வேண்டியிருக்கும். பாதியில் பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பி வரும்போது அதே இருக்கை விற்றுவிட்டதாகக் காட்டினால், அது உங்களுடைய பழைய பிளாக்காகவே இருக்கலாம். கெடு முடியும்வரை பொறுத்திருந்து மறுபடி பாருங்கள்.

ரூ. 5,550 எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. வேறொரு பேருந்தில் கூடுதல் விலை கொடுத்து ஊருக்குப் போனோம். அந்த வித்தியாசத்தைத் தர முடியாது என்று தளம் மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அவர்கள் கேட்டபடி வங்கிக் குறுஞ்செய்தி, `Session Expired` திரையின் படம், தளத்தின் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.