மருத்துவர்களின் மின்மடல் தொடரைச் சுருக்குவது: தேதிவாரியாகவா, துறைவாரியாகவா, முடிவுவாரியாகவா?

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளி. நான்கு மாதம் முன்பு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். இரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுத்துக்கொள்கிறார். பெருங்குடல் புற்றுக்கு மார்ச் 20 அன்று அறுவை சிகிச்சை. மார்ச் 3: ஆறு மாதம் ஆகாமல் குளோபிடோகிரலை நிறுத்தக் கூடாது என்கிறார் இதய மருத்துவர். 6: கட்டி அதுவரை பொறுக்காது என்கிறார் அறுவை மருத்துவர். 9: ஆஸ்பிரின் தொடர்வதானால் ஐந்து நாள் முன்பு நிறுத்தலாம் என்று இதய மருத்துவர் இறங்கி வருகிறார். 10: வலி தெரியாமல் இருக்க முதுகில் செலுத்தும் எபிடியூரல் போடுவதா என்று மயக்க மருத்துவர் கேட்கிறார். 11: அறுவை மருத்துவரிடமிருந்து ஒரே சொல், "சரி".

தேதிவாரிச் சுருக்கம் எழுத எளிது, எதையும் விடாது. ஆனால் அவசரத்தில் திறப்பவர் மார்ச் 3 வரியோடு நின்றுவிட்டால், கைவிடப்பட்ட முடிவைத்தான் நம்புவார். துறைவாரிச் சுருக்கத்தில் ஆபத்து இன்னும் பெரிது: "இதயம்: குளோபிடோகிரலை நிறுத்தலாம்" என்று சுருங்கும்போது ஆஸ்பிரின் நிபந்தனை உதிர்ந்துவிடும். தன் துறைப் பத்தியை மட்டும் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

முடிவுவாரிப் பதிவுதான் என் தேர்வு. தேதிவாரிச் சுருக்கத்தை அதற்கான வரைவாக வைத்துக்கொள்ளலாம். பதிவு இப்படி அமையும்:

முடிவு: குளோபிடோகிரல் கடைசி மாத்திரை மார்ச் 14 (விதி: அறுவைக்கு முந்தைய 5 நாளும் மருந்து இல்லை).
நிபந்தனை: ஆஸ்பிரின் தொடர வேண்டும்.
யார், எப்போது: இதய மருத்துவர், மார்ச் 9 மடல். மார்ச் 3 முடிவுக்கு மாற்று.
நிலை: வரைவு.

"ஐந்து நாள் முன்பு" என்பதை ஒருவர் 14 என்பார், இன்னொருவர் 15 என்பார். அதனால் தேதியை எழுத வேண்டும். அறுவை தள்ளிப்போனால் திரும்பக் கணக்கிட விதியும் கூடவே வேண்டும்.

அந்த "சரி" எதற்கு? மடலின் `In-Reply-To` வரி, அது எந்த மடலுக்குப் பதில் என்று காட்டும். 9-ஆம் தேதி மடலுக்கு என்றால், மருந்தை நிறுத்தச் சம்மதம். எபிடியூரல் கேள்வி அப்படியே நிற்கிறது. மௌனத்தைச் சம்மதமாக எழுதக் கூடாது. இடையில் யாராவது எல்லோருக்கும் அனுப்பாமல் ஒருவருக்கு மட்டும் பதில் போட்டிருந்தால் தொடர் கிளை பிரிந்திருக்கும். அந்தக் கிளையையும் கேட்டு வாங்க வேண்டும்.

திறந்த கேள்விகள்:
எபிடியூரல் உண்டா? கேட்டவர் மயக்க மருத்துவர், மார்ச் 10. பதில் தர வேண்டியவர் அறுவை மருத்துவர், மார்ச் 13-க்குள்.
குளோபிடோகிரலை மீண்டும் எப்போது தொடங்குவது? யாரும் கேட்கவில்லை.
நிறுத்தச் சொல்லி நோயாளியிடம் பேசுவது யார்? யாரும் கேட்கவில்லை.

கடைசி இரண்டும் தொடரில் எங்குமே இல்லை. நிறுத்தும் முடிவைத் தனி வரியாக எழுதிய பிறகுதான், அதற்கு ஜோடியான தொடங்கும் தேதி இல்லை என்பது கண்ணில் படும். பதிவு எழுதுபவர் அந்த இடத்தைத் தாமே நிரப்பக் கூடாது. இதய மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் அவரவர் வரிகளை அனுப்பி, அவர்கள் எழுத்தில் ஒப்பிய பிறகே "வரைவு" என்பது "உறுதி" ஆகும். ஒப்பிய தேதியும் அந்த வரியிலேயே சேரும்.