டிப்ஸ் பிரிப்பது மணிக்கணக்கிலா, பாயிண்ட்டிலா, இரண்டையும் சேர்த்தா?

ஒரு உணவகத்தில் ஒரு வாரத்து டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்து 16,000 என்று வைத்துக்கொள்வோம். பங்கு மூன்று பேருக்கு. முழுநேர சர்வர் 40 மணி நேரமும் பகுதிநேர சர்வர் 20 மணி நேரமும் வேலை பார்த்திருக்கிறார்கள். மேசை துடைத்துத் தட்டு எடுக்கும் கிளீனர் 40 மணி நேரம். வேலையின் பொறுப்புக்கு ஏற்ற மதிப்பாகச் சர்வருக்கு 10 பாயிண்ட், கிளீனருக்கு 5.

மணியை மட்டும் பார்த்தால் மொத்தம் 100 மணி, மணிக்கு 160. முழுநேர சர்வருக்கும் கிளீனருக்கும் ஆளுக்கு 6,400, பகுதிநேர சர்வருக்கு 3,200. யார் வேண்டுமானாலும் சரிபார்த்துவிடலாம். ஆனால் ஆர்டர் எடுப்பது முதல் வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்குவது வரை செய்யும் சர்வருக்கு அதற்கென்று எதுவும் கிடைக்காது.

பாயிண்ட்டை மட்டும் பார்த்தால் 20 மணி வந்த சர்வருக்கும் 40 மணி வந்த சர்வருக்கும் ஒரே 6,400. எல்லோரும் ஒரே அளவு நேரம் வேலை பார்க்கும் இடம் தவிர வேறெங்கும் இது ஆகாது.

மணியைப் பாயிண்ட்டால் பெருக்குவதுதான் என் தேர்வு. 400, 200, 200, மொத்தம் 800. ஒரு அலகுக்கு 20 வீதம் முழுநேர சர்வருக்கு 8,000, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 4,000.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கிளீனர் இரண்டு மடங்கு நேரம் நின்றும் பகுதிநேர சர்வர் வாங்கியதைத்தான் வாங்குகிறார். கணக்கில் பிழை இல்லை, 10க்கு 5 என்ற இடைவெளிதான் பெரியது. கிளீனருக்கு 7 பாயிண்ட் கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 880 ஆகிவிடும்; அவருக்குச் சுமார் 5,090, சர்வர்களுக்கு 7,270ம் 3,640ம். அவருக்குக் கூடியது முழுக்க மற்ற இருவரிடமிருந்து வந்தது. அதனால் பாயிண்ட்டை வாரக் கணக்கு முடிந்தபின் மாற்றக் கூடாது. முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு வேலை பார்ப்பவருக்குச் சராசரி பாயிண்ட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 6 மணி நேரம் கிளீனராகவும் 2 மணி நேரம் சர்வராகவும் இருந்தவருக்கு, 7 பாயிண்ட் கணக்கில், 42ம் 20ம் சேர்ந்து 62தான் சரி. சராசரியாக 8.5 எடுத்து 8 மணியால் பெருக்கினால் 68 வரும். அந்தக் கூடுதல் மற்றவர்கள் பங்கிலிருந்து போகும்.

அப்புறம், கணக்கை வாரத்துக்கு முடிப்பதா, ஷிப்டுக்கு ஷிப்டா? வாரக் கணக்கில் கூட்டம் நெரியும் இரவும் ஈயாடும் மதியமும் ஒரே மதிப்பு. ஷிப்ட் கணக்கில் நெரிசலில் உழைத்தவருக்கு அந்தப் பணமே போகும், ஆனால் நல்ல ஷிப்டுக்கு அடிதடி வரும். காலையில் வந்து இரவுக்கு நறுக்கி அரைத்து வைத்துவிட்டுப் போகிற சமையலறை ஆளின் உழைப்பும் இரவுப் பங்கில் விழாது. சமையலறையும் பங்கில் இருந்தால் வாரக் கணக்கையே வைத்துக்கொண்டு, நெரிசலான ஷிப்டுகளைச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் கொடுங்கள்.