செட்டில்மென்ட் ரிப்போர்ட் படம்: கையால் தட்டுவதா, ஓசிஆரா?

ஆன்லைன் விற்பனைத் தளம் விற்பனையாளருக்குத் தரும் கணக்குத் தீர்ப்பு அறிக்கைதான் செட்டில்மென்ட் ரிப்போர்ட். அது படமாக மட்டுமே கையில் இருந்தால் இரண்டு வழி உண்டு. எண்களைப் பார்த்துப் பார்த்து ஷீட்டில் தட்டலாம், அல்லது ஓசிஆர் கொண்டு எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். இரண்டிலும் தப்பு வரும். ஆனால் ஒவ்வொன்றின் தப்புக்கும் தனித் தடயம் உண்டு.

ஒரு படத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: விற்பனை 48,600, கமிஷன் (5,832), விளம்பரக் கட்டணம் காலி, ஷிப்பிங் (3,240), ரிட்டர்ன் (4,050), ரிட்டர்னுக்கான கமிஷன் திரும்ப வரவு 486, ரிட்டர்ன் ஷிப்பிங் (360). சற்றுத் தள்ளி, கைக்கு வரும் தொகை 35,604. அடைப்புக்குறி என்றால் கழிவு. ஷீட்டில் அதை மைனஸாகவே போட்டு, `=SUM(B2:B8)` கொடுத்தால் 35,604 வர வேண்டும்.

கையால் தட்டும்போது பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறும். 5,832 என்பதை 5,382 என்று அடித்தால் கூட்டுத்தொகை 36,054 ஆகிவிடும். வித்தியாசம் 450. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். ஆகவே முதலில் அதைச் சந்தேகிக்கலாம்.

ஓசிஆர் இலக்கங்களை இடம் மாற்றுவது அரிது. அது அடைப்புக்குறியைத் தொலைக்கும். ரிட்டர்ன் 4,050 கழிவாக இல்லாமல் வரவாகிவிட்டால் கூட்டுத்தொகை 43,704, வித்தியாசம் 8,100. அதில் பாதி எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. மங்கலான படத்தில் 3-ஐ 8 என்றும் படிக்கும். ஷிப்பிங் 8,240 ஆனால் வித்தியாசம் சரியாக 5,000. இப்படி ஓர் இலக்கமும் பின்னால் பூஜ்யங்களுமாக வந்தால், அந்த இடத்து இலக்கத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

மோசமானது கூட்டலுக்குப் பிடிபடாத தப்பு. சில ஓசிஆர் முதலில் பெயர்களை எல்லாம் படித்துவிட்டு, பிறகு எண்களைப் படிக்கும். காலியான விளம்பர வரிக்கு எண் இல்லாததால் கீழுள்ளவை ஒரு படி மேலேறும்: ஷிப்பிங் தொகை விளம்பரத்துக்கும், ரிட்டர்ன் தொகை ஷிப்பிங்குக்கும் போய்விடும். கூட்டல் அப்போதும் 35,604 என்றே சரியாக வரும்! ரிட்டர்ன் வரியில் வரவாக 486 நிற்பதுதான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு சோதனை: 5,832 விற்பனையில் 12%, 486-ம் 4,050-இல் 12%. விகிதம் ஒத்துப்போனால் இந்த நான்கு எண்களும் தத்தம் இடத்தில் இருக்கின்றன என்று நம்பலாம். எல்லாப் பொருளுக்கும் ஒரே கமிஷன் விகிதம் என்றால்தான் இந்தச் சோதனை செல்லும்.

டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் படத்தை ஒரே எழுத்துத் தொகுதியாக வரிவரியாகப் படிக்கச் சொன்னால் இந்தச் சறுக்கல் குறையும்:

```
tesseract report.png out --psm 6
```

பத்து, பதினைந்து வரிச் சுருக்கத்துக்குக் கையே மேல். ஓசிஆரைத் திருத்தும் நேரத்தில் தட்டி முடித்துவிடலாம். ஆர்டர்வாரியாக நூறு வரி என்றால் ஓசிஆர்தான், அதுவும் மெசேஜ் ஆப் சுருக்கிய படத்தில் அல்ல, ஃபைலாக அனுப்பிய மூலப் படத்தில்.