இரும்பு அளக்க பினாந்த்ரோலின்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

மதுரையில் ஒரு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மேலூர், திருமங்கலம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எங்களுக்கு நிறைய வரும். இரும்புக்கு ஆரம்பத்திலிருந்தே பினாந்த்ரோலின் முறையைத்தான் பயன்படுத்துகிறோம். மலிவான முறை, வரும் ஆரஞ்சுச் சிவப்பு நிறமும் சீக்கிரம் மங்காது. ஆனால் பினாந்த்ரோலின் அந்த நிறத்தைத் தருவது ஃபெரஸ் இரும்போடு மட்டும்தான். எங்களிடம் வரும் தண்ணீரில் இரும்பின் பெரும்பகுதி ஃபெரிக்காக மாறியிருக்கும். அதனால் ரீடிங் சரியா தப்பா என்பது அந்த ஃபெரிக்கை முதலில் ஃபெரஸாக்கும் ரிடக்‌ஷனிலேயே முடிவாகிவிடுகிறது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாம்பிளையே எடுத்துக்கொள்வோம். "எடுக்கும்போது பளிங்கு மாதிரி இருந்துச்சுக்கா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள மஞ்சளாயிருச்சு" என்றார் கொண்டுவந்த தம்பி. நிலத்தடியில் கரைந்திருந்த ஃபெரஸ், காற்றுப் பட்டதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடாகி கேனின் அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் தெளிவை மட்டும் ஊற்றிச் சோதித்தால் பாதி இரும்பு கேனிலேயே தங்கிவிடும். எனவே கேனை நன்றாகக் குலுக்கி, உடனே 50 மி.லி. எடுத்தேன். முடிந்தால் எடுக்கும் இடத்திலேயே ஆசிட் சேர்த்த பாட்டிலைக் கொடுத்தனுப்புவோம். அதுதான் நல்லது.

கோனிக்கல் பிளாஸ்கில் அந்த 50 மி.லி.யோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி., ஃபெரிக்கை ஃபெரஸாக்க 10 சதவீத ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு 1 மி.லி. சேர்த்து, கண்ணாடி மணிகள் போட்டு, 15–20 மி.லி.யாக வற்றும்வரை கொதிக்க விட்டேன். ஆறியபின் 100 மி.லி. வால்யூமெட்ரிக் பிளாஸ்குக்கு மாற்றி, அம்மோனியம் அசிடேட் பஃபர் 10 மி.லி., 0.1 சதவீத பினாந்த்ரோலின் 4 மி.லி. விட்டு, கோடுவரை நிரப்பினேன். கால்மணி நேரம் கழித்து 510 நானோமீட்டரில், 1 செ.மீ. க்யூவெட்டில், பிளாங்க் கழித்த ரீடிங் 0.216. அதே தண்ணீரில் கொதிக்க வைக்காமல், ஹைட்ராக்சிலமினை மட்டும் சேர்த்து ஓட்டியது 0.083தான் காட்டியது. எங்கள் ஸ்டாண்டர்ட் கோட்டின் சாய்வு லிட்டருக்கு 1 மி.கி.க்கு 0.198. 50 மி.லி.யை 100 ஆக்கியதால் இரண்டால் பெருக்க வேண்டும். கொதித்தது லிட்டருக்கு 2.18 மி.கி., கொதிக்காதது 0.84. குடிநீருக்கான இப்போதைய இந்தியத் தர வரம்பு 1.0. ஒரே தண்ணீர் ஒரு வழியில் தேறுகிறது, இன்னொரு வழியில் தேறவில்லை! துருத் துகள்களைக் கரைக்க ஆசிட்டும் சூடும் வேண்டும். துகளுக்குள் அடைந்து கிடக்கும் இரும்பை ஹைட்ராக்சிலமின் எட்டவே முடியாது. கொதிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: சயனைடும் நைட்ரைட்டும் போய்விடும், இடைஞ்சல் தரும் பாலிபாஸ்பேட்டும் உடைந்துவிடும்.

அப்புறம் ஸ்டாண்டர்ட். 50 மி.லி. தண்ணீரில் 20 மி.லி. அடர் சல்பியூரிக் அமிலத்தை மெல்ல ஊற்றி, அதில் 1.404 கிராம் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து, மெல்லிய இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு லிட்டராக்க வேண்டும். 1 மி.லி.யில் 200 மைக்ரோகிராம் இரும்பு. ஃபெரஸாக இருப்பதை வேண்டுமென்றே ஏன் ஃபெரிக்காக்க வேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடமே அதுதான். ஸ்டாண்டர்டும் ஃபெரிக்காக இருந்து, சாம்பிள் போகும் அதே பாதையில் கொதித்து வந்தால், ஹைட்ராக்சிலமின் வேலை செய்கிறதா என்பதையும் அது சேர்த்தே சோதித்துவிடுகிறது. ஃபெரஸாகவே விட்டிருந்தால் ரிடக்‌ஷன் செத்துப் போயிருந்தாலும் கோடு அழகாகத்தான் வரும், சாம்பிள்கள் மட்டும் குறைந்து காட்டும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது சாய்வைத்தான். இந்த நிறத்தின் மோலார் உறிஞ்சல் சுமார் 11,100. அந்தக் கணக்கில் லிட்டருக்கு 1 மி.கி. என்றால் 0.2க்கு அருகில் வர வேண்டும். 0.17, 0.16 என்று இறங்கினாலோ, மேல் ஸ்டாண்டர்டுகளில் கோடு வளைந்தாலோ, சாம்பிளைத் தொடாமல் ஹைட்ராக்சிலமினைப் புதிதாகக் கரைப்போம். அதிலும் சரியாகாவிட்டால் பி.ஹெச். பார்ப்போம். 2.9க்கும் 3.5க்கும் இடையில் இருந்தால் நிறம் சட்டென்று முழுதாக வரும்.

பிளாங்க் உயர்ந்தால் சந்தேகம் பஃபர் மேல். நல்ல தர அம்மோனியம் அசிடேட்டிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும். அதனால் பஃபர் பாட்டில் மாறினால் ஸ்டாண்டர்டுகளையும் புதிதாகப் போடுகிறோம், பழைய கோட்டை அப்படியே ஓட்டுவதில்லை. கண்ணாடிப் பாத்திரங்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசுவதும் இதே காரணத்துக்குத்தான். பினாந்த்ரோலின் கரைசல் கருத்துப்போனால் கொட்டிவிட வேண்டும்.

இந்த முறை எல்லாத் தண்ணீருக்கும் ஒத்துவராது. செம்பு லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல், நிக்கல் 2 மி.கி.க்கு மேல் இருந்தால் குறுக்கிடும். முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீர் வந்தால் நான் இதில் அளப்பதில்லை. சாம்பிளுக்கே நிறம் இருந்தால், பினாந்த்ரோலின் மட்டும் விடாமல் மற்ற எல்லாம் சேர்த்த ஒரு ஜோடி பிளாஸ்க் வைத்து அந்த ரீடிங்கைக் கழித்துக்கொள்கிறேன்.